கனத்த ஆள் ஏறினாலும் ஊஞ்சலின் நேரம் ஏன் மாறுவதில்லை?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் தூங்குமூஞ்சி மரக்கிளையில் கயிறு போட்டு, அடியில் ஒரு பலகையைச் செருகி ஆடும் ஊஞ்சல் இன்னும் அங்கங்கே உண்டு. அதில் ஆறு வயதுப் பேரனும் ஆடுவான், பெரியப்பாவும் ஆடுவார். இருவரில் யார் சீக்கிரம் போய்த் திரும்புவார் என்று கேட்டுப் பாருங்கள். கனமான ஆள் மெதுவாகத்தான் போவார் என்று சிலர் சொல்வார்கள். கனம் இழுத்துக்கொண்டு வேகமாக இறக்கிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நான்காம் படிவத்தில் நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதனை செய்த பிள்ளை, "ரெண்டுமே இல்லை, ஒரே நேரம்தான்" என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

பிள்ளை சொல்வதுதான் சரி. ஆனால் அதில் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. அதே ஊஞ்சலில் பெரியப்பா எழுந்து நின்றால் நேரம் மாறிவிடும். மிக உயரமாக வீசி ஆடினாலும் கொஞ்சம் மாறும். எது மாற்றும், எது மாற்றாது, ஏன் என்பதைப் பார்ப்போம்.

## முதலில் நான்கு சொற்கள்

1. ஊசல்: ஒரு புள்ளியில் தொங்கி, இருபுறமும் ஆடும் எதுவும் ஊசல்தான். கடிகாரத்துப் பெண்டுலமும் ஊஞ்சலும் இதில் சேரும். பள்ளியில் மலாய் மொழியில் பண்டுல் என்று படிப்பது இதைத்தான்.
2. அலைவு நேரம்: ஒரு முனையிலிருந்து கிளம்பி, மறுமுனைக்குப் போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வர ஆகும் நேரம். ஒரு பக்கம் போவது மட்டும் பாதி அலைவுதான்.
3. வீச்சு: நேராகத் தொங்கும் நிலையிலிருந்து எத்தனை பாகை விலகுகிறது என்பது.
4. நீளம்: குழப்பம் வருவது பெரும்பாலும் இங்கேதான். நீளம் என்பது கயிற்றின் நீளம் அல்ல. மேலே கயிறு வளையத் தொடங்கும் இடத்திலிருந்து, ஆடும் பொருளின் எடை மையம் வரை உள்ள தூரம். குண்டு என்றால் அதன் நடுப்புள்ளி. மனிதர் என்றால், உட்கார்ந்திருக்கும்போது பலகைக்கு ஒரு சாண் மேலே, ஏறக்குறைய தொப்புள் பக்கம்.

## எடை கணக்கில் வராதது ஏன்?

பேரன் 15 கிலோ, பெரியப்பா 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பூமி பெரியப்பாவை ஐந்து மடங்கு அதிகமாக இழுக்கிறது. அதே நேரம், அவரை நகர்த்துவதும் ஐந்து மடங்கு கடினம். ஐந்து மடங்கு இழுப்பு ஐந்து மடங்கு கனத்தை நகர்த்துகிறது. ஆகவே இருவருக்கும் கிடைக்கும் வேகமாற்றம் ஒன்றே. மேலிருந்து கல்லைப் போட்டாலும் காற்றின் தடையை விட்டுவிட்டால் இதே கதைதான்.

அப்படியென்றால் கனமான ஆள் வேறு மாதிரி ஆடுகிறார் என்று ஏன் தோன்றுகிறது? தள்ளிவிடுபவரின் கைக்கு வித்தியாசம் தெரிகிறது, அதுதான் காரணம். பெரியப்பாவை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கொண்டுபோக ஐந்து மடங்கு உழைக்க வேண்டும். தள்ளுவதை நிறுத்திய பிறகும் அவர் ரொம்ப நேரம் ஆடிக்கொண்டிருப்பார், ஏனென்றால் உடல் எடை கூடும் அளவுக்குக் காற்றின் தடை கூடுவதில்லை. கிளம்புவதற்குச் சிரமம், நிற்பதற்குத் தாமதம் இரண்டும் உண்மை. ஒரு தடவை போய்வர ஆகும் நேரத்தில் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை.

## பெரிய வீச்சும் சின்ன வீச்சும் ஒரே நேரம் எடுப்பது எப்படி?

ஊஞ்சல் சீராக நேரம் காட்டுவதன் மர்மம் முழுவதும் இங்கே இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரே நீளமுள்ள இரண்டு ஊஞ்சல்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. முதல் ஊஞ்சலை 20 சென்டிமீட்டர் இழுத்துப் பிடிக்கிறோம். இரண்டாவதை 40 சென்டிமீட்டர் இழுத்துப் பிடிக்கிறோம். இரண்டையும் ஒரே சமயத்தில் விடுகிறோம். இரண்டாவதற்குப் போக வேண்டிய தூரம் இரு மடங்கு, அதனால் அதுதான் பின்தங்கும் என்று மனம் சொல்கிறது.

ஆனால் ஊஞ்சல் போகும் பாதை ஒரு வட்டத்தின் துண்டு. அடியில் அது தட்டையாக இருக்கும், விலக விலகச் செங்குத்தாகிக்கொண்டே போகும். 40 சென்டிமீட்டர் தள்ளிப் போன இடத்தில் சரிவு, 20 சென்டிமீட்டர் இடத்தில் உள்ளதைப் போல இரு மடங்கு. சரிவு இரு மடங்கு என்றால் ஊஞ்சலை நடுவை நோக்கித் தள்ளும் விசையும் இரு மடங்கு. ஆகவே இரண்டாவது ஊஞ்சல் ஆரம்பத்திலேயே இரு மடங்கு வேகத்தில் கிளம்புகிறது. கொஞ்ச நேரம் கழித்து முதல் ஊஞ்சல் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருந்தால் இரண்டாவது 20 சென்டிமீட்டரில் இருக்கும். அப்போதும் தூரம் இரு மடங்கு, விசை இரு மடங்கு, வேகமும் இரு மடங்கு. இந்தப் பொருத்தம் வழி நெடுகக் கலைவதில்லை. முடிவில் இரண்டும் ஒரே நொடியில் நடுவைக் கடக்கின்றன.

தூரம் கூடும் அதே விகிதத்தில் திரும்ப இழுக்கும் விசையும் கூடுவதுதான் இதற்கு அடிப்படை. ஆடி ஆடி ஓயப்போகும் ஊஞ்சல் கடைசிச் சில அலைவுகளிலும் அதே நேரத்தைத்தான் எடுக்கும். வேகம் குறைந்திருக்கும், போகும் தூரமும் அதே அளவு குறைந்திருக்கும்.

இதற்கு ஓர் எல்லை உண்டு. தூரத்துக்கும் சரிவுக்கும் உள்ள இந்தப் பொருத்தம் சின்ன வீச்சில் மட்டும்தான் கச்சிதமாக இருக்கிறது. ஊஞ்சல் மிக உயரப் போகும்போது, சரிவு கூட வேண்டிய அளவுக்குக் கூடுவதில்லை. 60 பாகையில் விசை, பொருத்தம் கேட்கும் அளவைவிட 17 விழுக்காடு குறைவாக இருக்கிறது. திரும்ப இழுக்கும் விசை போதாததால் நேரம் நீள்கிறது. எவ்வளவு நீள்கிறது என்பது இப்படி:

1. 10 பாகை வீச்சில் 0.2 விழுக்காடு. கையில் உள்ள கடிகாரத்தில் தெரியவே தெரியாது.
2. 30 பாகையில் 1.7 விழுக்காடு. 3 வினாடி ஊஞ்சல் 3.05 வினாடி ஆகும்.
3. 60 பாகையில் 7.3 விழுக்காடு. 3 வினாடி 3.22 ஆகிவிடும். பத்து அலைவுக்கு இரண்டு வினாடிக்கு மேல் கூடும்.

சாதாரணமாக ஆடும் பிள்ளைக்கு இது பொருட்டே இல்லை. கிளை உயரத்துக்குப் போக முயலும் பையனுக்குத்தான் இந்த வித்தியாசம் தட்டுப்படும்.

## நீளம் மட்டும் ஏன் முக்கியம், அதுவும் வர்க்கமூலமாக?

இப்போது ஒரு மீட்டர் ஊசலையும் நான்கு மீட்டர் ஊசலையும் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே கோணத்துக்கு, சொல்லப்போனால் 10 பாகைக்கு, விலக்குவோம். கோணம் ஒன்றே என்பதால் சரிவும் ஒன்றே, விசையால் வரும் முடுக்கமும் ஒன்றே. ஆனால் நீண்ட ஊசல் கடக்க வேண்டிய பாதை நான்கு மடங்கு நீளம்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பி முடுக்கம் பெறும் பொருள், முதல் வினாடியில் ஒரு பங்கு தூரம் போனால் இரண்டு வினாடியில் இரண்டு பங்கு போவதில்லை, நான்கு பங்கு போகும். போகப் போக வேகம் பிடிப்பதால் அப்படி. ஆகவே நான்கு மடங்கு பாதையைக் கடக்க நான்கு மடங்கு நேரம் வேண்டாம், இரண்டு மடங்கு போதும். ஊசலின் முடுக்கம் வழியில் மாறிக்கொண்டே இருந்தாலும், இரண்டு ஊசலிலும் ஒரே மாதிரி மாறுவதால் இந்தக் கணக்கு கெடுவதில்லை. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரு மடங்கு, நீளம் ஒன்பது மடங்கானால் நேரம் மூன்று மடங்கு. வர்க்கமூலம் வந்து சேரும் வழி இதுதான்.

சூத்திரமாக எழுதினால்:

```
T = 2π √(L / g)
```

இதில் T என்பது வினாடியில் அலைவு நேரம், L என்பது மீட்டரில் நீளம், g என்பது அந்த இடத்தின் ஈர்ப்பு முடுக்கம். மலேசியாவில் g சுமார் 9.78. எடைக்குச் சூத்திரத்தில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வீச்சுக்கும் இல்லை, சின்ன வீச்சாக இருக்கும் வரை.

## தூங்குமூஞ்சி மரத்து ஊஞ்சலைக் கணக்கிடுவோம்

கிளையின் அடிப்பக்கத்திலிருந்து பலகை வரை 2.40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார். அவருடைய எடை மையம் பலகைக்கு 20 சென்டிமீட்டர் மேலே. ஆகவே L = 2.20 மீட்டர்.

```
T = 2 × 3.1416 × √(2.20 / 9.78) = 2.98 வினாடி
```

மனித உடல் ஒரு புள்ளி அல்ல, மேலும் கீழும் பரவியிருப்பதால் இது ஒரு துளி கூடும். 3 வினாடி என்று கொள்ளலாம்.

பேரன் உட்கார்ந்திருக்கிறான். சின்ன உடம்பு, எடை மையம் பலகைக்கு இன்னும் பக்கத்தில், 15 சென்டிமீட்டர் மேலே என்று கொண்டால் L = 2.25 மீட்டர். நேரம் 3.01 வினாடி. இருவருக்கும் வித்தியாசம் நூற்றில் மூன்று வினாடி. சுவாரசியம் என்னவென்றால், அந்தக் கொஞ்சூண்டு வித்தியாசத்தில் மெதுவாக ஆடுவது பேரன்தான். அதற்கும் காரணம் உயரம், எடை அல்ல.

பெரியப்பா எழுந்து நிற்கிறார். இப்போது எடை மையம் பலகைக்கு 90 சென்டிமீட்டர் மேலே போய்விட்டது. L = 1.50 மீட்டர், சூத்திரப்படி 2.46 வினாடி. நீட்டி நிற்கும் உடல் கூடுதலாகப் பரவியிருப்பதால் அதைச் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய 2.5 வினாடி. உட்கார்ந்தபோது 3, நின்றபோது 2.5. கயிறும் அதே, ஆளும் அதே, மரமும் அதே. பத்து அலைவுக்கு ஐந்து வினாடி வித்தியாசம் என்பதைக் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

தள்ளிவிடும் அக்காவுக்கும் இந்த 3 வினாடிதான் பயன்படுகிறது. ஊஞ்சல் சின்னதாக ஆடினாலும் பெரிதாக ஆடினாலும் அவள் கை போக வேண்டிய தாளம் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் பின்முனையைத் தொட்டுத் திரும்பும்போது கொடுக்கும் சின்னத் தள்ளு, முந்தையதோடு சேர்ந்துகொண்டே போகும். ஒரு தடவை விட்டு ஒரு தடவை தள்ளினாலும் பாதகமில்லை. 2 வினாடிக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு தள்ளினால்தான் சிக்கல், ஊஞ்சல் எதிரே வரும்போது கை முட்டி, ஏற்றிய உயரத்தை அதுவே இறக்கிவிடும்.

## பள்ளிச் சோதனையில் g தப்பாக வந்தால்

நான்காம் படிவச் சோதனையில் நூலின் நீளத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றுக்கும் 20 அலைவு எண்ணி, T-இன் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடம் போடுவார்கள். வருவது நேர்கோடு. மலேசியாவில் அதன் சாய்வு சுமார் 4.04 வரவேண்டும். வராதபோது எங்கே தவறு என்பதைக் கோடே காட்டிக்கொடுக்கும். அடிக்கடி நடப்பவை இரண்டு.

1. எண்ணுவதில் தவறு. குண்டை விட்டதும் "ஒன்று" என்று தொடங்கினால், "இருபது" சொல்லும்போது உண்மையில் 19 அலைவுதான் முடிந்திருக்கும். ஒரு மீட்டர் நூலுக்கு 20 அலைவு 40.2 வினாடி ஆக வேண்டியது, 38.2 என்று வரும். அதிலிருந்து கணக்கிட்டால் g 10.8 ஆகிவிடும். இதில் மோசம் என்னவென்றால், எல்லா நீளத்துக்கும் ஒரே விகிதத்தில் தவறுவதால் கோடு அழகான நேர்கோடாக, சரியாகச் சுழியத்தைத் தொட்டு நிற்கும். பார்க்கும்போது குறையே தெரியாது. சாய்வு மட்டும் 3.6, 3.7 என்று குறைந்திருக்கும். "சுழியம்" என்று சொல்லித் தொடங்குவதுதான் மருந்து.
2. நீளத்தில் தவறு. முடிச்சு வரை மட்டும் அளந்துவிட்டு, குண்டின் பாதியைச் சேர்க்காமல் விடுவது. குண்டின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்றால் ஒவ்வொரு நீளமும் 1 சென்டிமீட்டர் குறையும். இப்போது சாய்வு சரியாகவே இருக்கும், g-யும் சரியாக வரும், ஆனால் கோடு சுழியத்துக்குக் கொஞ்சம் மேலே அச்சை வெட்டும்.

எண்ணத் தொடங்கும் இடமும் முக்கியம். முனையில் குண்டு மெல்ல நின்று திரும்புவதால் எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுவில் அது மிக வேகமாகக் கடப்பதால், பின்னால் ஒரு சாக்குக்கட்டிக் கோடு போட்டு, குண்டு அதைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தினால் பிழை குறையும்.

## ஸ்பிரிங் தொட்டில் வேறு சாதி

நம் வீடுகளில் சேலையிலோ சாரோங்கிலோ கட்டிய தொட்டிலை ஸ்பிரிங்கில் மாட்டுவது வழக்கம். அது மேலும் கீழும் குதிக்கும்போது இதுவரை சொன்ன விதி செல்லாது. ஸ்பிரிங்கின் இழுப்பு பிள்ளையின் எடையோடு சேர்ந்து கூடுவதில்லை, எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை மட்டும் பொறுத்தது. ஆகவே எடை அடிபட்டுப் போக வழியில்லை. பிள்ளை 4 கிலோவிலிருந்து 9 கிலோவுக்கு வளர்ந்தால், தொட்டிலின் சொந்த எடையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு குதிப்புக்கு ஆகும் நேரம் ஒன்றரை மடங்காகும். கனத்த ஆள் மெதுவாகத்தான் போவார் என்ற நம்பிக்கை இங்கே உண்மை. ஸ்பிரிங் இல்லாமல் உத்திரத்தில் கட்டிப் பக்கவாட்டில் ஆட்டும் தொட்டில் ஊஞ்சலைச் சேர்ந்தது, அதற்குப் பிள்ளை வளர்ந்தது தெரியாது.

## லண்டனில் திருத்திய கடிகாரம் இங்கே ஏன் பிந்தும்?

சூத்திரத்தில் இன்னும் மிச்சமிருப்பது g. அது எல்லா ஊரிலும் ஒன்றல்ல. 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், செவ்வாய்க் கோளைக் கவனிப்பதற்காகத் தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குப் போனார். பாரிசில் சரிபார்த்த பெண்டுலம் கடிகாரம் அங்கே நாளுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலைக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறைத்த பிறகுதான் சரியாக ஓடியது. நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமி புடைத்திருப்பதால் மையத்திலிருந்து தூரம் அதிகம், சுழற்சியின் விளைவும் அங்கேதான் கூடுதல். இரண்டும் சேர்ந்து g-யைக் குறைக்கின்றன. பின்னால் நியூட்டன் பூமியின் வடிவத்தைப் பற்றிய தன் வாதத்துக்கு இதைச் சான்றாக எடுத்துக்கொண்டார்.

கயேன் இருப்பது வட அட்சம் 5 பாகைக்குச் சற்றுக் கீழே. சுங்கை சிப்புட்டும் அதே அட்சத்தில்தான் இருக்கிறது. ஆகவே ரிஷேயின் தொல்லை அப்படியே நமக்கும் பொருந்தும். லண்டனில் g 9.812, இங்கே 9.781. வித்தியாசம் ஆயிரத்தில் மூன்று பங்கு. வர்க்கமூலம் என்பதால் நேரத்தில் அதில் பாதி. லண்டனில் திருத்திய பெண்டுலம் கடிகாரத்தை அப்படியே கொண்டுவந்து தோட்ட ஆபீஸ் சுவரில் மாட்டினால் நாளுக்கு 2 நிமிடம் 17 வினாடி பிந்தும். ஒரு வாரத்தில் கால் மணி நேரம். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக் காலைப் பெரட்டுக்கு மணி அடித்தால் திங்களுக்குத் திங்கள் எல்லாரும் தாமதம்தான்.

ஊசல் நீளமோ குட்டையோ, பிந்தும் அளவு ஒன்றே. திருத்தும் அளவுதான் மாறும். ஒரு பக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் பெரிய ஊசல் லண்டனில் 994 மில்லிமீட்டர், இங்கே 991, அதாவது 3 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். அரை வினாடிக் குட்டை ஊசலுக்கு ஒரு மில்லிமீட்டரும் வேண்டாம், 0.8 போதும். ஊசல் குண்டுக்கு அடியில் உள்ள திருகாணியைச் சுற்றிக் குண்டை மேலே ஏற்றுவதுதான் வேலை.

அதோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். 15 பாகைக் குளிரில் திருத்திய பித்தளைத் தண்டு இங்கே 30 பாகைச் சூட்டில் நீண்டுவிடுவதால் இன்னும் 12 வினாடி பிந்தும். மரத்தண்டு சூட்டுக்கு அவ்வளவாக நீளாது, ஆனால் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதற்கு வார்னிஷ் பூசிவிடுவார்கள்.